அன்ரோனெற் கீறிய தலைமயிர்

மன்னார் நகரத்துக் கலியாணப் படங்களை மட்டும் பார்த்து ஒருவர் இந்தத் தீவைப் பற்றி எழுதுவாரானால், இங்கே பிறக்கிற பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் தலைமயிர் இடுப்புக்குக் கீழேதான் முடிகிறது என்று எழுதுவார். அது இந்த ஊர்த் தண்ணீரின் சிறப்பு என்றும், மீன் சாப்பாட்டின் பலன் என்றும் அவருக்குத் தோன்றலாம். உண்மையில் அது அன்ரோனெற்றின் வலது கை.

மஹ்மூது நானாவின் ஸ்ரூடியோவில், படம் எடுக்கிற அறைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேசை. ஒரு கொம்பியூட்டர், ஒரு கறுப்புப் பலகை, அதில் அழுத்திப் படம் கீறுகிற ஒரு பேனா. முகத்தில் பருவை அழிப்பது, கண் மூடிய மாமனாருக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது, வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவள் செய்வாள். ஆனால் அவளுக்குப் பெயர் தலைமயிரால்தான். வங்காலையிலிருந்து கொண்டச்சி வரைக்கும், பெண்ணுக்குக் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கினால் முதலில் சாதகமோ ஞானஸ்நானச் சான்றிதழோ தேடுவார்கள். அடுத்ததாக அன்ரோனெற்றைத் தேடுவார்கள்.

படித்த பிள்ளைகள், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள், வெயிலுக்கும் பேருந்துக்கும் பயந்து தோளோடு வெட்டிக்கொண்ட பிள்ளைகள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய்மார் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள் போல இருப்பார்கள்.

"ஒண்டும் பெரிசா வேண்டாம் அன்ரோனெற். இயற்கையா இருக்கவேணும். இடுப்புக்குக் கீழ கொஞ்சம் வந்தால் காணும்."

அன்ரோனெற் சிரிக்கமாட்டாள். இது தொழில்.

சிலருடைய படங்களுக்கு மட்டும் அவள் நீளம் கேட்பதில்லை. மகரகமவில் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து, தலை மொட்டையாகித் திரும்பி வந்து, பிறகு இல்லாமற்போன பெண்களின் படங்கள் அவை. முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்குக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தவர் படத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியில் போய் நிற்பார். அவள் பழைய படம் ஒன்றை வாங்கிப் பார்த்து, அந்த ஆளுக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் வைத்துக் கொடுப்பாள்.

மற்றப்படி, தலைமயிர் நீட்டுவதில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசியில் கொண்டுபோய் ஒட்டக்கூடாது. பழகாத ஆட்கள் தோளில் முடிகிற நுனியிலிருந்து கீறத் தொடங்குவார்கள். பார்த்த உடனே ஒட்டு தெரிந்துவிடும், சாறிக்கு வேறு துணியில் கரை வைத்துத் தைத்ததுபோல. அவள் காதடியில் தனியாக எழும்பி நிற்கிற மயிர்களை முதலில் அழித்துவிட்டு, காதுக்கு மேலிருந்து தொடங்குவாள். உள்ள மயிரோடு மயிராக, அது போகிற திசையிலேயே கொண்டுவந்து, தோளில் ஏறி வளைகிற இடத்தில் வளைத்து, அதற்குப் பிறகுதான் கீழே இறக்குவாள். நிறத்தைக் கையால் கலப்பதில்லை; அந்தப் பிள்ளையின் தலையிலேயே இருட்டான இடத்தில் ஒரு கறுப்பு, நடுவில் ஒரு கறுப்பு, மினுங்குகிற இடத்தில் ஒரு மண்ணிறம் என்று தொட்டு எடுப்பாள். முதலில் தடித்த கற்றைகள், அதற்கு மேல் மெல்லிய இழைகள். பேனாவை அழுத்தித் தொடங்கி, போகப்போகக் கையை இளக்குவாள். நுனி தானாக மெலியும்.

இதெல்லாம் ஒரு வருடத்தில் எவரும் பழகலாம். பிழை வருவது வெளிச்சத்தில்தான்.

இதை அவள் ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் செய்த பெரிய பிழை அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வங்காலை றஞ்சிதா தன் மூத்த மகளின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஜெர்மனி மாப்பிள்ளை. மகளுக்குத் தலைமயிர் தோளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. றஞ்சிதா மற்றத் தாய்மாரைப்போல வெளியில் போய் நிற்கவில்லை. கதிரையை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற பெண். தன் கண்ணுக்கு முன்னால் வெட்டாத எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டாள்.

"ஏன் அன்ரோனெற் அந்தப் பக்கம் மட்டும் மினுக்கம் வைக்கிறியள்? இந்தப் பக்கமும் வையுங்கோவன்."

"அக்கா, மூக்கைப் பாருங்கோ. நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

"இந்தப் பக்கம்."

"அப்ப வெளிச்சம் மற்றப் பக்கத்தால வருகுது. தலைமயிரும் அந்தப் பக்கம்தான் மினுங்கவேணும். முழு நீளத்துக்கும் இல்லை. எங்க வளைஞ்சு வெளிச்சத்தைப் பாக்குதோ, அங்க மட்டும். எல்லா இழையிலும் அந்த இடத்தில ஒரு பட்டி மாதிரி வரும். இந்தப் பக்கம் இருட்டாத்தான் கிடக்கவேணும். பிறகு சட்டையில மயிரின்ர நிழல் விழவேணும். இல்லாட்டி காத்தில நிக்கிற மாதிரி இருக்கும்."

"அப்ப கள்ளப் படத்தை இதை வைச்சுப் பிடிக்கலாம் எண்டுறியள்."

"வடிவாப் பிடிக்கலாம்."

றஞ்சிதா அதை மனத்தில் எழுதிக்கொண்டாள். மகள் ஜெர்மனிக்குப் போனாள். போன பிறகு தலைமயிரைப் பற்றி அங்கே என்ன பேசினார்கள் என்பது வங்காலைக்குத் தெரியவரவில்லை. றஞ்சிதாவோ ஊரில் வருகிற கலியாணப் படம் எல்லாவற்றையும் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மூக்கு நிழலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு சம்பந்தம் அவளுடைய வாயால் குழம்பியதாகக் கேள்வி.

இனி அன்ரோனெற்றின் மகள் நிறஞ்சலாவுக்கு வருவோம். அவள் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய தலைமயிர் பின்னலை அவிழ்த்தால் தொடையைத் தொடும். உண்மையாகவே தொடும். தாய் ஒரு கோடும் கீறாத, தலையிலிருந்து தானாக வளர்ந்த மயிர். தீவு முழுவதற்கும் கூந்தல் கீறிக் கொடுத்த வீட்டில் அப்படி ஒன்று வளர்ந்தது கடவுளுக்கும் ஒரு பகிடி வேண்டியிருந்ததால் என்று மஹ்மூது நானா சொல்வார்.

நிறஞ்சலாவும் காற்றாலையில் வேலை செய்கிற நிறோஜனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். அவன் றஞ்சிதாவின் இளைய மகன். அவன் தாயிடம் சொன்னான். தாய் பெண்ணை நேரில் கண்டதில்லை. உடனே மறுக்கவில்லை; படம் கேட்டாள். ஒரு வீட்டு வாசல் படலையைத் திறந்து போய் உட்கார்ந்துவிட்டால் கோயில் பங்குச் சனம் முழுவதும் சம்பந்தம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் படம், பிறகுதான் கால்.

நிறஞ்சலா கீரிக் கடற்கரையில் தோழி எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். தலைமயிரை விரித்து விட்டிருந்தாள். தாயிடம் காட்டவுமில்லை. காட்டியிருந்தால் அன்ரோனெற் அந்தப் படத்தை அனுப்பவே விட்டிருக்கமாட்டாள்.

அடுத்த நாள் நிறோஜன் ஸ்ரூடியோவுக்கு வந்து திரைச்சீலைக்கு வெளியில் நின்றான்.

"உள்ள வாங்கோ தம்பி."

"மாமி, ஒரு சின்னப் பிரச்சினை. அம்மா சொல்லுறா, அது நீங்கள் கீறின தலைமயிராம்."

அன்ரோனெற் பேனாவை வைத்தாள்.

"நான் அந்தப் படத்தைக் கண்ணாலயும் காணேல்லை தம்பி."

"நானும் சொன்னனான். ஒவ்வொரு நாளும் நேரில பாக்கிறன் எண்டும் சொன்னனான். உனக்கு இப்ப கண் தெரியாது எண்டுறா. வீடியோவில காட்டட்டோ எண்டு கேட்டன். அதிலயும் இப்ப பில்டர் இருக்காம். பொய்யில தொடங்கிற வீட்டில சம்பந்தம் வேண்டாமாம். தலைமயிரில பொய் சொல்லுற தாய் நாளைக்கு எதில சொல்லமாட்டா எண்டு கேக்கிறா."

"உங்கட அக்காவின்ர படத்தை நினைவூட்டேல்லையோ?"

"அது வேறயாம். அது மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டதாம்."

அவன் போனில் படத்தைத் திறந்து கொடுத்தான். அன்ரோனெற் பார்த்தாள். றஞ்சிதாவின் பக்கம் பிழை ஒன்றுமில்லை. இதைத் தன்னிடம் எவராவது கொண்டுவந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள், ஆரோ பழகாத பெடியன் செய்த வேலை என்று.

பின்னேர வெயில் கடற்பக்கத்தால், படத்தின் வலதுபக்கத்தால் வந்தது. முகம் அந்தப் பக்கம் வெளிச்சமாக இருந்தது. தலையின் மேற்பகுதியும் அந்தப் பக்கம் மினுங்கியது. அதுவரை சரி. ஆனால் இடதுபக்கத்தில் யாரோ ஒரு வெள்ளை வான் வண்டியை நிறுத்தியிருந்திருக்கிறார்கள். வெயில் அந்த வானில் பட்டுத் திரும்பி, தோளுக்குக் கீழே தொங்கிய மயிரை இடதுபக்கத்தால் மினுக்கியிருந்தது. வான் படத்தில் இல்லை, அதன் வெளிச்சம் மட்டும் இருந்தது. மேல் பாதிக்கு ஒரு சூரியன், கீழ்ப் பாதிக்கு ஒரு சூரியன். போதாக்குறைக்கு, மேலே கிளிப் பிடித்து வைத்திருந்ததால் மயிர் நேராக இறங்கியது. கிளிப்புக்குக் கீழே காற்று பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. இழை போகிற திசை நடுவில் முறிந்து கிடந்தது. நுனியோ போன மாதம் வெட்டிச் சீராக்கியது, கத்தியால் வெட்டின பாண் துண்டு மாதிரி.

"தம்பி, இது உண்மையான தலைமயிர். ஆனால் உண்மை மாதிரி இல்லை."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது மாமி?"

மஹ்மூது நானா முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் பொய்யை உண்மையாக்கிக் குடுத்தாய் தங்கச்சி. இப்ப உண்மையை உண்மையாக்கித் தரச்சொல்லி உன்ர வீட்டில இருந்தே ஓடர் வந்திருக்கு."

அவள் அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. மகளுடைய படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். பிறகு மகளின் தலைமயிரைத் தோளுக்குக் கீழே முழுவதுமாக அழித்தாள். அழித்த இடத்தில் சட்டையைப் பக்கத்துத் துணியிலிருந்து எடுத்து நிரப்பினாள். கடலையும் மணலையும் அப்படியே கொண்டுவந்து மூடினாள். நிறஞ்சலா இப்போது தோளோடு வெட்டிய பிள்ளையாக நின்றாள், கொழும்பில் வங்கியில் வேலை செய்கிற யாரோ ஒருத்திபோல. தன் கையாலேயே மகளுடைய தலைமயிரை வெட்டியதுபோல இருந்தது. அந்தக் கூந்தலுக்கு அவள் எத்தனை வருடம் எண்ணெய் காய்ச்சியிருக்கிறாள்.

பிறகு மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்குச் செய்வதை மகளுக்கும் செய்தாள். காதுக்கு மேலிருந்து தொடங்கினாள். மூன்று நிறம் தொட்டு எடுத்தாள். கற்றைகளைத் தோளில் ஏற்றி வளைத்து, காற்றை மறந்துவிட்டு, மேலே தொடங்கிய திசையிலேயே கீழே இறக்கினாள். மினுக்கத்தை வலதுபக்கத்தில் மட்டும், வளைவுகள் கடலைப் பார்க்கிற இடத்தில் வைத்தாள். இடதுபக்கம் இருட்டு. சட்டையில் மெல்லிய நிழல். படம் போனில் எடுத்தது, கொஞ்சம் புள்ளி புள்ளியாகப் பொரி விழுந்திருந்தது. கீறிய மயிருக்கும் அதே அளவு பொரியைத் தூவினாள். நீளத்தை மட்டும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. உண்மையில் எங்கே முடிந்ததோ அங்கேயே முடித்தாள்.

படம் வங்காலைக்குப் போனது. றஞ்சிதா கண்ணாடியைப் போட்டு மூக்கு நிழலைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"இதுதான் ஒறிஜினல்," என்றாள் மகனிடம். "முதல் அனுப்பினதுதான் கீறினது. தாய் பயந்துபோய் இப்ப உண்மையை அனுப்பியிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போய்ப் பாப்பம்."

நிறோஜன் அந்தப் படத்தை நிறஞ்சலாவுக்கு அனுப்பினான்.

அன்று பின்னேரம் வீட்டில் நிறஞ்சலா போனைத் தாயின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

"என்ர தலையில என்னம்மா பிழை?"

"உன்ர தலையில ஒண்டும் பிழையில்லை. வெளிச்சத்திலதான் பிழை."

"இது நான் இல்லை."

"நீதான். நீளம் கூட ஒரு நூல் மாறேல்லை."

"அப்ப அவையள் பாக்க வாறது என்னையோ, உங்கட பேனாவையோ?"

"வரட்டும் பிள்ளை. வந்து கண்ணால பாத்தால் எல்லாம் சரிவரும்."

"கண்ணால பாக்கிறவையெண்டால் படத்தையே நம்பியிருப்பினம்," என்று சொல்லிவிட்டு நிறஞ்சலா அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் அன்ரோனெற்றுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. கோபம் என்றால் சாத்தியிருப்பாள். மகள் இந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லப்போகிறாளோ என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை றஞ்சிதா கேக்கும் வாழைப்பழமுமாக மகனோடு வந்து இறங்கினாள். நிறஞ்சலா தலைமயிரை விரித்துவிட்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள். அது கதிரையின் பின்பக்கத்தால் வழிந்து இருக்கைக்குக் கீழே தொங்கியது. தேத்தண்ணி வந்தது. றஞ்சிதா அதைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, படத்தைத் திறந்து, ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெண்ணைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு பெண்ணை.

"அன்ரோனெற், ஒண்டு கேட்டால் குறை நினைக்கக் கூடாது."

"கேளுங்கோ அக்கா."

"படத்தில மினுக்கம் வலப்பக்கம் இருக்கு. இவவுக்கு இடப்பக்கம் மினுங்குது."

நிறோஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

"யன்னல் அந்தப் பக்கம் இருக்கு அக்கா. வெளிச்சம் அதாலதான் வருகுது."

"ஓம், அது விளங்குது. ஆனால் ஒப்பிட்டுப் பாக்க ஏலாமல் கிடக்கு. பிள்ளை, நீ இஞ்சால வந்து இரனை. நாங்கள் அங்கால வாறம்."

எல்லோரும் எழும்பினார்கள். கேக் தட்டு ஒரு பக்கம் போனது, தேத்தண்ணி மறுபக்கம் போனது. பெண்ணின் கதிரையில் மாப்பிள்ளையின் தாய் இருந்தாள், மாப்பிள்ளையின் தாய் இருந்த இடத்தில் பெண் இருந்தாள். இப்போது யன்னல் வலப்பக்கம் வந்தது. கூந்தலும் வலப்பக்கம் மினுங்கியது. றஞ்சிதா போனை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினாள்.

"இப்ப சரி. ஆனால் கொஞ்சம் முகத்தைத் திருப்பவேணும். மூக்கு நிழல் காணாது."

நிறஞ்சலா முகத்தைத் திருப்பினாள். திருப்பி, றஞ்சிதாவை நேராகப் பார்த்தாள்.

"மாமி, அந்தப் படத்தில இருக்கிற தலைமயிர் அம்மா கீறினது. இஞ்ச இருக்கிறது நான் வளர்த்தது. முதல் வந்த படத்தில இருந்தது இதுதான். நீங்கள் அதை நம்பேல்லை. நம்புற மாதிரி ஒண்டு வேணும் எண்டு அம்மா இதை அழிச்சுப்போட்டு அதைக் கீறினவ. இனி நீங்கள் சொல்லுங்கோ, உங்களுக்கு எது வேணும். அதுக்குப் பிறகு நானும் யோசிச்சுச் சொல்லுறன்."

அன்ரோனெற் சுவரில் சாய்ந்து நின்றாள். இவ்வளவு காலமும் இந்த ஊரில் எவளும் திரைச்சீலைக்கு வெளியில் நின்று, இது கீறினது என்று சொன்னதில்லை. பேச்சுக்கால் முறிந்ததென்றே அவள் முடிவுகட்டினாள்.

றஞ்சிதா எழும்பினாள். படலைப் பக்கம் போகவில்லை. நிறஞ்சலாவுக்குப் பின்னால் போய் நின்று, கூந்தலைக் கையில் அள்ளினாள். வாங்குகிற மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல நிறை பார்த்தாள். வகிட்டை விரலால் விலக்கி அடியைப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் கூடுதலாகவே, இழுத்தாள்.

"நோகுது மாமி."

"நோகத்தான் வேணும்," என்றாள் றஞ்சிதா. எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. பொய்யைப் பிடிக்க வந்த பெண், பிடித்தும்விட்டாள். ஆனால் பிடித்த பொய்யை எந்தக் கணக்கில் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இல்லாததை இருக்கிறதாகக் காட்டினால் ஏசலாம். இருப்பதை இருப்பதுபோலக் காட்டினவளை என்ன சொல்லி ஏசுவது.

"அப்ப முதல் படத்தில ரெண்டு பக்கமும் மினுங்கினது?"

"வான் ஒண்டு நிண்டது அக்கா," என்றாள் அன்ரோனெற். "வெள்ளை வான்."

"வான் நிண்டால் சொல்லுறதில்லையோ?"

நிறோஜன்தான் முதலில் சிரித்தான். நிறஞ்சலா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. றஞ்சிதா சிரிக்கவில்லை. ஆனால் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெண்ணின் கதிரையிலேயே திரும்ப உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

"பிள்ளை, நீ யோசிச்சுச் சொல்லுறன் எண்டனீ."

"யோசிச்சிட்டன் மாமி. ஆனால் இனி இழுக்கிறேல்லை."

"இழுக்கமாட்டன்."

போகும்போது றஞ்சிதா படலையில் அன்ரோனெற்றைத் தனியாக நிறுத்தினாள். பங்குத்தந்தையிடம் எப்போது போவது என்று பேசினார்கள். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்டு சொல்லட்டோ. வெளிச்சம் நிழல் எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஆனால் நான் நம்பினது அதால இல்லை. காதுக்குப் பக்கத்தில ரெண்டு மயிர் தனியா எழும்பி, சொல்வழி கேளாமல் நிண்டது. அதை ஆர் மினக்கெட்டுக் கீறப்போகினம் எண்டு நினைச்சன்."

அன்ரோனெற் படலையைச் சாத்தப்போன கையை எடுத்தாள்.

"அதை நான் கீறேல்லை அக்கா," என்றாள். "அது அவளின்ர. அழிக்க மறந்துபோனன்."